கம்பிக்குப் பின்னால் இருந்த வானம்

அந்த ஸ்டூடியோவில் அவருக்கு ரப்பர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழிப்பதுதான் வேலை. மணப்பெண்ணின் பரு, மாப்பிள்ளையின் முன்வழுக்கையில் அடித்த வெளிச்சம், குடும்பப் படத்தில் பிறகு வேண்டாமல் போன மருமகன் என்று அவர் அழிக்காத சங்கதி இல்லை. ஒருமுறை ஒரு வீட்டார் வந்து, போன வருடம் அழித்த மருமகனைத் திரும்ப வைக்க முடியுமா என்று கேட்டார்கள். வைத்துக் கொடுத்தார். மனிதர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. கெட்டிக்காரர்களுக்கு உண்டான அலட்சியமும் கொஞ்சம் உண்டு. மூக்கு நுனியில் கோபமும் உண்டு.

அவருடைய அறை கடையின் பின்பக்கம். நிறம் கண்ணை ஏமாற்றக்கூடாது என்று நான்கு சுவருக்கும் சாம்பல் வண்ணம் அடித்து, ஜன்னலுக்குக் கனத்த திரை போட்டிருந்தார்கள். வாடிக்கையாளர்களை உள்ளே விடுவது வழக்கமில்லை. அன்று முற்பகல் முதலாளி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து, "நீங்களே பேசிக்கங்க" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் போய்விட்டார். வாயாடி முதலாளி அப்படிப் போனதே ரப்பருக்கு என்னவோ போலிருந்தது.

அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுச் சாமான், பெயிண்ட், ஆணி, குழாய் எல்லாம் விற்கிற பெரிய கடை ஒன்றின் மஞ்சள் சீருடைச் சட்டை போட்டிருந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறாள். கையில் சுருட்டிய படம் ஒன்றும் சின்னக் காகித உறை ஒன்றும். படத்தை மேசையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் நான்கு மூலையிலும் ரப்பருடைய சாமான்களையே எடுத்து வைத்தாள்.

மூன்றடி அகலப் படம். மேடும் பள்ளமுமான புல்வெளி, நடுவே ஒரு மண்பாதை, தூரத்தில் ஒரு மலை, அதற்கு மேல் நிறைய வானம். ரப்பர் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டார். அவர் செய்த வேலைதான். செய்த வேலை என்று சொல்ல வாய் கூசும் வேலை.

"இது தபாலோட படமாச்சே" என்றார்.

தபால் என்றால் கடிதம் பட்டுவாடா செய்கிற பையன். பையன் என்ன பையன், முப்பது வயது ஆள். சைக்கிளில் சுற்றுகிற சுற்றில் கண்ணுக்குப் பட்டதையெல்லாம் படம் எடுத்து, மாதம் ஒன்றாவது பெரிதாகப் போட்டு வாங்கிப் போவான். எப்போதும் சிரித்த முகம்.

அவள் அவனுடைய அக்கா. தம்பி போய் நாலு மாதம் ஆகிறது என்றாள். எப்படி என்று ரப்பர் கேட்கவில்லை, அவளே சொன்னாள். இதே இடத்தில்தான். மின்கம்பி குறுக்கே வராமல் படம் எடுக்க வேண்டும் என்று நீட்டி மடக்குகிற அலுமினியக் கோலின் நுனியில் செல்போனைக் கட்டி, கம்பிக்கு மேலே தூக்கியிருக்கிறான். கோல் கம்பியில் பட்டுவிட்டது. கேமரா சைக்கிள் பையில் இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

கம்பிக்கு மேலே என்றதும் ரப்பர் படத்திலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார். எதற்கு என்று அவருக்கு மட்டும் தெரியும்.

அவள் விஷயத்துக்கு வந்தாள். அம்மாவுக்கு அந்த இடத்தைப் பார்க்க வேண்டும், ஆனால் அங்கே போகத் தெம்பில்லை. படமாவது கட்டிலுக்கு எதிரே இருக்கட்டும் என்று இந்தப் பழைய படத்தை மாட்டினார்கள். கடையில் கம்பியை அழித்துக் கொடுத்த படம்தானே என்று நினைத்தார்கள். மாட்டிய அன்றே அம்மா எழுந்து போய், வானத்தில் விரலை வைத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இழுத்துக் காட்டினாராம். ஒருமுறை இல்லை, தினமும்.

"இங்கதான் போகுது, இங்கதான் போகுதுங்கறாங்க. கம்பி இல்லம்மான்னு சொன்னா, தடம் இருக்கே, உனக்குக் கண்ணு இல்லையான்னு கேக்குறாங்க. எனக்கும் இப்ப தெரியுதுண்ணே. கழட்டி வச்சா, எங்க என் புள்ள எடுத்த படம்னு அழுவுறாங்க."

தெரியாமல் என்ன. ஈரத்துணியால் துடைத்த கண்ணாடி மாதிரி மூன்று பட்டைகள் வானத்தின் குறுக்கே ஓடின. அந்தப் பட்டைக்குள், படத்துக்கு இயல்பான பொடிமணல் போன்ற புள்ளிகள் இல்லை, வழவழவென்று இருந்தது. ஒரே மேகத்துணுக்கு பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தடவை வந்திருந்தது. மலை முகட்டைத் தொட்ட இடத்தில் மலையின் கறுப்பு வானத்துக்குள் கசிந்திருந்தது. கம்பம் நின்ற இடத்தில் புல் கரைந்து பாசியாகியிருந்தது. கம்பத்தை எடுத்தவர் அதன் நிழலை எடுக்க மறந்து, அது மட்டும் பாதையில் அனாதையாகக் கிடந்தது.

அவள் காகித உறையை நீட்டினாள். அவனுடைய கேமராவின் கார்டு. கடைசி நாள் எடுத்த படங்கள் இருக்கும், இதே இடம்தான், அதில் நல்லதாக ஒன்றில் கம்பியை எடுத்துத் தர முடியுமா, தடம் தெரியாமல். முடியாது என்றால் இப்போதே சொல்லிவிடச் சொன்னாள். அம்மாவுக்கு இன்னொரு முறை ஏமாற்றம் தாங்காது.

"முடியும்மா" என்றார் ரப்பர். வியாழக்கிழமை வரச் சொன்னார்.

அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். போன வருடம் நடந்தது ஒன்றுவிடாமல் ஞாபகம் வந்தது. அன்றைக்குத் தலைக்கு மேல் வேலை. மூன்று கல்யாண ஆல்பம் காத்துக் கிடந்தது. தபால் இந்தப் படத்தைக் கொண்டுவந்து கம்பியை எடுத்துத் தரச் சொன்னான். ரப்பர் கம்பியைத் தோராயமாகச் சுற்றி வளைத்துத் தேர்ந்தெடுத்து, ஒரு பொத்தானைத் தட்டினார். சுற்றுப்புறத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டர் அதுவாக நிரப்பிக்கொள்ளும். செல்போனில் பார்த்தால் பிரமாதமாக இருக்கும். மூன்றடிக்கு அச்சடித்தால் குட்டு வெளிப்படும். தபால் முன்கடையில் நின்று படத்தை வாங்கிப் பார்த்து, அந்தச் சிரித்த முகத்தோடேயே, வானம் கொஞ்சம் இழுவிவிட்ட மாதிரி இருக்கே அண்ணே என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. குறை சொல்லத் தெரியாத பிள்ளை.

ரப்பருக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் அது உண்மை. அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். "கம்பியோட எடுத்துட்டு வந்து வானம் இழுவுதுங்கறே. அடுத்த தடவை கம்பிக்கு மேல போய் நின்னு எடுத்துட்டு வா. நான் அழிக்கவே வேணாம்." முன்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். தபாலும் சிரித்தான். சிரித்துவிட்டு, சரிண்ணே என்று போனான்.

சரிண்ணே என்றவன் செய்துவிட்டான்.

பாவி என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டார் ரப்பர். திட்டிக்கொள்வதற்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தால் அந்த அம்மாவின் விரல் நிற்காது. கார்டைச் செருகினார்.

கடைசி நாள் படங்கள் பதினொன்று இருந்தன. எல்லாம் சாயங்காலம் ஐந்து மணி சுமார். அதே பாதை, அதே மலை, குறுக்கே மூன்று கம்பி, இரண்டு கம்பம், ஒரு கம்பத்தைத் தாங்கி மண்ணில் ஊன்றிய இழுவைக் கம்பி. ஐந்தாவது படத்தில் வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்.

இந்த முறை பொத்தானைத் தட்டவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, கம்பியைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு, பக்கத்து வானத்தை நகலெடுத்து அதன்மேல் வைத்தார். வானம் மேலே அடர்ந்தும் முகட்டருகே வெளிறியும் இருக்கும். ஆகையால் கம்பிக்கு மிக மேலேயிருந்தோ கீழேயிருந்தோ எடுத்தால் பட்டை விழும், அதே உயரத்தில் பக்கவாட்டிலிருந்து எடுக்க வேண்டும். வெறும் வானத்தில் அது கைகொடுத்தது. மேகத்தின் விளிம்பில் வந்ததும் தடுமாறியது. மேகத்தின் விளிம்பு ஒன்று போல இன்னொன்று இருப்பதில்லை. கம்பிக்கு அடியில் அது எப்படி வளைந்து போனது என்று யாருக்குத் தெரியும்? ஒரு நாள் முழுக்க உழைத்து, சோதனைக்கு ஒரு துண்டு அச்சடித்து, அதைச் சுவரில் ஒட்டி எட்டி நின்று பார்த்தார். மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. அந்த அம்மா கண்டுபிடித்துவிடுவார். கிழித்துப் போட்டார்.

மறுநாள் காலையில் சும்மா உட்கார்ந்து, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து, ஆறு, ஏழு. ஏழு, ஆறு, ஐந்து. விரல் நின்றது.

மலை அசையவில்லை. மேகம் அசையவில்லை. கம்பமும் கம்பியும் மட்டும் அசைந்தன.

ஐந்தாவது படத்தை நேராக நின்று எடுத்திருக்கிறான். ஆறாவதுக்கு இடது பக்கம் இரண்டு எட்டு வைத்திருக்கிறான். மலை அதே இடத்தில் இருக்க, கம்பம் வலப்பக்கம் நகர்ந்து, முன்பு அது மறைத்திருந்த வானத்தைத் திறந்துவிட்டிருந்தது. ஏழாவதுக்குத் தரையில் முட்டி போட்டிருக்கிறான். கம்பிகள் மூன்றும் வானத்தில் ஒரு விரற்கடை மேலே ஏறியிருந்தன. கம்பி பக்கத்தில் இருக்கிறது, மலையும் மேகமும் தொலைவில் இருக்கின்றன. நாம் நகர்ந்தால் பக்கத்தில் இருப்பது நகரும், தொலைவில் இருப்பது நகராது. மூன்று படத்துக்கும் நடுவே மொத்தம் பதிமூன்று நொடி. மேகத்துக்கு இடம் மாற நேரமில்லை.

ரப்பர் எதையும் புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை. ஐந்தாவது படத்தில் கம்பி மறைத்த வானம் ஏழாவது படத்தில் முழுசாக இருந்தது. கம்பம் மறைத்த வானம் ஆறாவதில் இருந்தது. அவன் கண் பார்த்த வானம், அதே நேரத்து வானம், அதே பொடிமணலோடு.

மூன்றையும் மலை முகடு முகட்டோடு பொருந்தும்படி ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கினார். மேல் படத்தில் கம்பி போகிற இடத்தை மட்டும் மெல்லிய தூரிகையால் நீக்க, கீழிருந்த வானம் தெரிந்தது. மேகத்தின் விளிம்பு தன் வளைவிலேயே தொடர்ந்து போனது. கம்பத்தின் உச்சியில் கம்பிகள் கூடுகிற இடம் மூன்று படத்திலும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டது. அந்த நகத்தளவு இடத்தைக் கையால் சரிசெய்து, வழவழப்பு தெரியாமல் பொடிமணல் தூவினார். பக்கத்துப் புல் மூன்று படத்திலும் பொருந்தவில்லை, அது பக்கத்தில் இருப்பதாயிற்றே. கம்பத்தின் அடியையும் இழுவைக் கம்பியையும் பாதையில் விழுந்த நிழலையும் புல் புல்லாக, மண் மண்ணாக நகலெடுத்து மூடினார். நிழலை மறக்கவில்லை.

எல்லாம் முடிந்து கையை எடுத்தபோதுதான் அது உறைத்தது. இது அவருக்குத் தெரியாத வித்தை இல்லை. கட்டடப் படம் எடுக்கிறவர்களுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ரெண்டு எட்டு தள்ளி ஒண்ணு, முட்டி போட்டு ஒண்ணு எடுத்துட்டு வாங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன் என்று. தபாலுக்கு அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவனைக் கேலி செய்ய எடுத்துக்கொண்ட அதே நேரம். சாம்பல் அறையில் தனியாக உட்கார்ந்து ரப்பர் அழுதார்.

மீதிப் படங்களையும் பார்த்தார். பதினொன்றாவது கை தவறி எடுத்தது. சாய்ந்த புல், ஒரு செருப்புக் கால், புல்லில் கிடக்கும் அலுமினியக் கோலின் அடிப்பாகம். அதில் மஞ்சள் ஒட்டுக்காகிதம் ஒன்று இன்னும் கிழிக்காமல் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தார். அவளுடைய சட்டையில் இருந்த அதே கடையின் முத்திரை. அவள்தான் வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

எப்படிச் செய்தீர்கள் என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? ரெண்டு எட்டு தள்ளி நின்றால் போதும் என்று சொன்னால், அந்தக் கோலே தேவையில்லாமல் போகிறது. கோலை வாங்கிக் கொடுத்தவள் அந்த உண்மையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வாள்? தொழில் ரகசியம் என்று சிரித்து மழுப்பிவிடலாம். மழுப்புவது அவருக்குக் கைவந்த கலை.

வியாழக்கிழமை வந்தாள். புதுப் படத்தை மேசையில் விரித்து விளக்கைப் போட்டார். அவள் முதலில் தள்ளி நின்று பார்த்தாள். பிறகு குனிந்தாள். அம்மா செய்கிற மாதிரியே ஆள்காட்டி விரலை வானத்தின் இடது ஓரத்தில் வைத்து மெதுவாக இழுத்தாள். பாதியில் விரல் நின்றது, மேலே போனது, கீழே வந்தது. தடம் கிடைக்கவில்லை. விளக்கை ஒரு பக்கம் சாய்க்கச் சொல்லி இன்னொரு தடவை தேடினாள். பாதையில் நிழலைத் தேடினாள். அதுவும் இல்லை.

"இல்லண்ணே" என்றாள். "அம்மாவால கண்டுபிடிக்க முடியாது."

ரப்பர் படத்தைச் சுருட்டக் கையை நீட்டினார். அவள் விடவில்லை. அவரைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"அந்தக் கோலை நான்தான் வாங்கிக் குடுத்தேன். எங்க கடையில பெயிண்டருங்க வாங்குறது. ஒருநாள் வந்து, கம்பிக்கு மேல போய் எடுக்கணுமாம்க்கான்னு சிரிச்சான். எங்ககிட்ட நீளக் கோல் இருக்கேடான்னு நான்தான் சொன்னேன். அம்மாகிட்ட இதைச் சொல்லல. யார்கிட்டயும் சொல்லல. யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு."

கம்பிக்கு மேல் போய் எடுக்கணுமாம். அந்த ‘எடுக்கணுமாம்’ யார் சொன்னது என்று அவள் தன்னைக் கேட்டுக்கொள்ளவே இல்லை. ரப்பர் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், அவர் தப்பித்துவிடுவார், எல்லாம் அவள் தலையிலேயே இருந்துவிடும். இருபத்திரண்டு வருடமாக வேண்டாததை அழித்துப் பழகிய கை, இதையும் அழித்துவிடும்.

"அதைச் சொன்னது நான்தாம்மா" என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

முழுவதையும் சொன்னார். பொத்தானைத் தட்டியதை, வானம் இழுவியிருப்பதை அவன் பணிவாகச் சொன்னதை, தாம் கேலி பேசியதை, இரண்டு பேர் சிரித்ததை. நின்றுகொண்டே சொன்னார். பிறகு, சொல்லாமல் விடக்கூடாத மிச்சத்தையும் சொன்னார்.

"கோல் தேவையே இல்லம்மா. ரெண்டு எட்டு தள்ளி நின்னா போதும், முட்டி போட்டா போதும். எனக்கு அன்னைக்கே தெரியும். நான் சொல்லல. நீ உன்னால ஆனதைக் குடுத்தே. நான் அவன் கேட்டதைக் குடுக்கல. குத்தம் என் வாயிலதான், உன் கோல்ல இல்ல."

கத்துவாள் என்று ரப்பர் எதிர்பார்த்தார். கத்தினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கம்ப்யூட்டரைக் காட்டி, எப்படி என்று காட்டச் சொன்னாள்.

காட்டினார். ஐந்து. ஆறு. ஏழு. மலை நின்றது, கம்பம் நகர்ந்தது, கம்பி ஏறியது. இன்னொரு தடவை என்றாள். காட்டினார். இன்னொரு தடவை. ஏழாவது படத்தில் கேமரா தாழ்ந்திருந்ததால் முன்னால் இருந்த புல் உயரமாகத் தெரிந்தது.

"இது முட்டி போட்டு எடுத்ததா?"

"ஆமாம்மா."

"எத்தனை மணிக்கு?"

"அஞ்சு பன்னெண்டு."

"கோலைத் தூக்கினது?"

ரப்பர் தயங்கினார். கடைசிப் படம் அஞ்சு பதினாறு என்றார். அதை அவர் திறக்கவில்லை, அவளும் திறக்கச் சொல்லவில்லை.

அவள் திரையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் மேசையில் கிடந்த படத்தைப் பார்த்தாள்.

"அப்போ அவன் இந்தப் படத்தை எடுத்து முடிச்சுட்டான்" என்றாள். "எடுத்து முடிச்சதுகூடத் தெரியாம கோலைத் தூக்கியிருக்கான்."

அவள் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அழிக்கிற நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதரை முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தாள்.

"உங்கள என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியலண்ணே. இப்பத் தெரியல. படத்தை மடங்காம சுத்திக் குடுங்க, அம்மா காத்துக்கிட்டு இருக்காங்க."

அவர் மெல்லிய தாளை வானத்தின் மேல் வைத்து, விரல் படாமல் படத்தைச் சுருட்டினார். அவள் வாங்கிக்கொண்டு வாசல்வரை போய், நின்று திரும்பினாள்.

"அந்தப் பழைய படம் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

அது இப்போது சாம்பல் அறையில், கம்ப்யூட்டருக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறது. கம்பி குறுக்கே வந்த படத்தோடு யார் வந்தாலும் ரப்பர் அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிறார். ரெண்டு எட்டு தள்ளி ஒண்ணு, முட்டி போட்டு ஒண்ணு, கையை மட்டும் மேல தூக்காதீங்க என்று சொல்கிறார். அவர்கள் தலையாட்டிவிட்டுச் சுவரைப் பார்க்கிறார்கள். இவ்வளவு சொல்கிறவர் வானம் இழுவிய இந்தப் படத்தை ஏன் மாட்டி வைத்திருக்கிறார் என்று சிலர் கேட்கிறார்கள். நான் செஞ்சது என்று மட்டும் சொல்கிறார்.